அகலத்தைக் குறைத்தால் பலம் கூடும் உத்தரம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் பொறியாளர் என்னிடம் ஒரு கணக்குத் தாளைக் கொண்டுவந்தார். ஒரு மாடித்தளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரம். ரெடிமேடாகக் கிடைக்கும் ஐ பீம் இல்லை. தகடுகளை வெட்டி வெல்டிங் செய்து கட்டிய ஐ வடிவம். மேலும் கீழும் 200 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு ஃபிளாஞ்ச். நடுவில் 600 மில்லிமீட்டர் உயரம், 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெப். எஃகு நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈ 250 ரகம். உத்தரம் தாங்க வேண்டிய மொமென்ட் 380 கிலோநியூட்டன் மீட்டர். தாங்கக்கூடியது 400 என்று தாளில் போட்டிருந்தார். பாஸ்.

“இது ரோலிங் மில்லில் உருட்டி வந்ததா, வெல்டிங் பண்ணியதா?” என்று கேட்டேன்.

“வெல்டிங்தான் சார்.”

“அப்படியென்றால் அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டீர்கள்.”

சரியான வரியைப் பார்த்ததும் 400 என்பது 352 ஆகிவிட்டது. உத்தரம் ஃபெயில். அடுத்து நான் சொன்னதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. ஃபிளாஞ்ச் அகலத்தை 200-இலிருந்து 180 ஆகக் குறைத்துப் போடச் சொன்னேன். விடை 372 வந்தது. மீட்டருக்கு 3 கிலோ இரும்பைக் கழித்துவிட்டோம். பலம் 20 கூடிவிட்டது. எங்கேயோ கூட்டல் பிழை இருக்கிறது என்று மூன்று முறை சரிபார்த்தார். பிழை எதுவும் இல்லை. இப்படி ஒரு விடை எப்படி வருகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

ஒரு உத்தரத்தின் மேல் பாரம் ஏறும்போது அது நடுவில் தொய்கிறது. மேல் ஃபிளாஞ்ச் அமுங்குகிறது, கீழ் ஃபிளாஞ்ச் இழுபடுகிறது. இழுபடும் தகட்டால் தொல்லை இல்லை. இழுக்க இழுக்க அது இன்னும் நேராகத்தான் நிற்கும். தொல்லை எல்லாம் அமுங்கும் தகட்டில். அது மெல்லியதாக இருந்தால் அமுங்குவதற்குப் பதில் நெளிந்துகொள்ளும். தையல்காரர் நூலை இறுக்கித் தைத்துவிட்ட துணியைப் பார்த்திருப்பீர்கள். தையல் ஓடிய கோடு சுருங்கி நேராக இருக்கும். சுருங்க முடியாத ஓரம் அலையலையாய்த் தூக்கிக்கொள்ளும். அமுங்கும் ஃபிளாஞ்சின் ஓரமும் அதேபோல்தான் மேலும் கீழுமாக அலையடிக்கும். உத்தரம் முழுதாக உடைவதற்கு வெகு முன்னரே இது நடக்கலாம். உத்தரம் மொத்தமாகப் பக்கவாட்டில் சாய்வது வேறு. அதில் ஒரு தகடு மட்டும் தன் இடத்தில் நெளிவது வேறு. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டும்.

ஒரு தகடு எந்தத் தகைவில் நெளியும் என்ற கணக்கை 1891-இல் ஜி. எச். பிரையன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் போட்டார். அவர் நினைத்தது கட்டடங்களை அல்ல, கப்பலின் பக்கவாட்டுத் தகடுகளை. அவருடைய வாய்பாட்டின் சாரம் இது:

σ = k × 1,80,000 × (t/b)²

t என்பது தடிமன், b என்பது அகலம், விடை மெகாபாஸ்கலில். 1,80,000 என்பது எஃகின் மீள்தன்மையிலிருந்து வரும் எண். எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் இரண்டு மடங்கானால் தாங்கும் தகைவு நான்கில் ஒன்றாகிவிடும். பொறியாளர்கள் தகட்டின் பலத்தைக் கேட்பதற்கு முன் இந்த b/t விகிதத்தைக் கேட்பது இதனால்தான்.

மீதி இருப்பது k. தகட்டை யார் பிடித்திருக்கிறார்கள், அதன்மேல் அமுக்கம் எப்படிப் பரவியிருக்கிறது என்ற இரண்டையும் சொல்லும் எண் அது. ஐ வடிவத்தில் ஃபிளாஞ்சின் ஒவ்வொரு பாதிக்கும் வெப்போடு ஒட்டிய ஒரு பக்கத்தில் மட்டுமே பிடிமானம் உள்ளது; மறு ஓரம் காற்றில் நிற்கிறது. அதற்கு k வெறும் 0.43. வெப் அப்படியில்லை, மேலும் கீழும் ஃபிளாஞ்சுகள் அதைப் பிடித்திருக்கின்றன. முழுவதும் அமுங்கும் வெப்புக்கு k 4. உத்தரம் வளையும்போது வெப்பின் மேல்பாதி அமுங்க, கீழ்பாதி இழுபட்டு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்போது k 24-ஐத் தொடுகிறது. 24-க்கும் 0.43-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலம் சுமார் 7.5. அதாவது வளையும் உத்தரத்தில் வெப், ஃபிளாஞ்சைவிட ஏழெட்டு மடங்கு ஒல்லியாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இந்த ஏழெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் இதை மறுபடி சந்திப்போம்.

நம் உத்தரத்தின் ஃபிளாஞ்சை எடுப்போம். 200-இல் வெப்பின் 6 போக மீதி 194; ஒரு பக்கம் 97. தடிமன் 10. விகிதம் 9.7. பிரையனின் வாய்பாட்டில் போட்டால் நெளியும் தகைவு 820 மெகாபாஸ்கலுக்கு மேல் வருகிறது. ஈ 250 எஃகோ 250-இலேயே இளகிவிடும். அதைத்தான் ஈல்டு என்கிறோம். 250-இல் இளகும் எஃகுக்கு 820-இல் நெளிவதைப் பற்றி என்ன கவலை?

கவலை ஈல்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. உத்தரத்தின் பலத்தில் இரண்டு படிகள் உண்டு. முதல் படியில் மேல், கீழ் விளிம்புகள் மட்டும் 250-ஐத் தொடும். உள்ளே இருக்கும் இரும்பு இன்னும் முழு வேலை செய்யவில்லை. நம் உத்தரத்தில் இந்த மொமென்ட், பாதுகாப்புக்காக 1.1-ஆல் வகுத்தபின், 352. பாரம் இன்னும் ஏறினால் விளிம்பு 250-இலேயே நின்றுகொண்டு அமுங்கிக்கொண்டே போக, ஈல்டு மெல்ல உள்நோக்கி நகரும். கடைசியில் மேல்பாதி முழுவதும் 250-இல் அமுங்கி, கீழ்பாதி முழுவதும் 250-இல் இழுபட்டு நிற்கும். இது இரண்டாம் படி, பிளாஸ்டிக் மொமென்ட். நம் உத்தரத்துக்கு அது 400. இந்த இரண்டாம் படிக்கு ஏற வேண்டுமானால் மேல் ஃபிளாஞ்ச் ஈல்டு ஆனபிறகும் பல மடங்கு அமுங்கிக்கொடுத்து, அவ்வளவு நேரமும் தட்டையாகவே நிற்க வேண்டும். இளகிய எஃகோ தன் விறைப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. பிரையனின் 1,80,000 அங்கே செல்லாது. 820 என்ற எண் காகிதத்தில் மட்டும்தான்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு. சோதிக்கப்போகும் உத்தரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவார்கள். பாரம் ஏறும்போது எஃகு ஈல்டு ஆகிற இடத்தில் எல்லாம் சுண்ணாம்பு விரிசல்விட்டுப் பொருக்குப் பொருக்காக உதிரும். முதலில் ஃபிளாஞ்சில் சாய்கோடுகள் விழும். பிறகு அவை வெப்பில் இறங்கும். தடித்த ஃபிளாஞ்ச் என்றால் சுண்ணாம்பு முழுக்கக் கொட்டியபிறகும் தகடு சமமாகவே இருக்கும். மெல்லிய ஃபிளாஞ்ச் என்றால் கோடுகள் கொஞ்சம் பரவுவதற்குள் ஓரம் ஒருபக்கம் மேலே, மறுபக்கம் கீழே புரளும். புரண்ட கணமே பாரம் காட்டும் முள் இறங்கத் தொடங்கும்.

எப்போது புரள்கிறது என்பதை வைத்துத்தான் நான்கு வகுப்புகள். முதல் படிக்கு முன்பே, அதாவது விளிம்பு 250-ஐத் தொடுமுன்பே நெளிந்துவிட்டால் அது ஸ்லெண்டர். முதல் படியைத் தொட்டு, இரண்டாம் படிக்கு ஏறும் வழியில் நெளிந்தால் செமி காம்பாக்ட். இரண்டாம் படியையும் தொட்டுவிட்டு, அங்கே அதிக நேரம் நிற்க முடியாமல் போனால் காம்பாக்ட். இரண்டாம் படியில் நின்றபடியே இன்னும் நிறையத் திரும்பிக்கொடுத்தால் பிளாஸ்டிக்.

கடைசி இரண்டுக்கும் பலம் ஒன்றேதான். பிறகு எதற்குத் தனி வகுப்பு? இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட ஒரு உத்தரத்தில் சீரான பாரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முனைகளில் மொமென்ட் நடுவில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே முனைகள்தான் முதலில் பிளாஸ்டிக் மொமென்ட்டைத் தொடும். அந்த முனைகள் கதவுக் கீல்போலத் திரும்பிக்கொடுத்து, அதே மொமென்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டும் இருந்தால், கூடுதல் பாரத்தை நடுப்பகுதி வாங்கிக்கொள்ளும். நடுவிலும் கீல் விழும்போதுதான் உத்தரம் வீழும். அதற்குள் பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். இந்தக் கூடுதலை நம்பிக் கணக்குப் போட வேண்டுமென்றால் முனையில் இருப்பது பிளாஸ்டிக் வகுப்பாக இருந்தாக வேண்டும். காம்பாக்ட் உத்தரம் கீல் விழும்வரை தாங்கும். கீலாகத் திரும்பச் சொன்னால் நெளிந்துவிடும். இரு முனையில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் உத்தரத்துக்கு இந்த வேறுபாட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நம் மாடித்தள உத்தரம் அந்த வகை.

இனி அட்டவணை. இந்தியாவில் இதற்கான விதிநூல் ஐ.எஸ். 800; 2007-இல் வந்த பதிப்பின் இரண்டாம் அட்டவணையில் எல்லைகள் இருக்கின்றன. உருட்டி வந்த ஐ பீமின் ஃபிளாஞ்சுக்கு b/t விகிதம் 9.4 வரை பிளாஸ்டிக், 10.5 வரை காம்பாக்ட், 15.7 வரை செமி காம்பாக்ட், அதைத் தாண்டினால் ஸ்லெண்டர். வெல்டிங் செய்ததற்கு இதே எல்லைகள் 8.4, 9.4, 13.6 என்று இறங்கிவிடும். வளையும் உத்தரத்தின் வெப்புக்கு, நடுக்கோடு சரிபாதியில் இருந்தால், 84, 105, 126. மேலே நினைவில் வைக்கச் சொன்ன ஏழெட்டு மடங்கு இதோ: 126-ஐ 15.7-ஆல் வகுத்தால் 8. பிரையனின் கப்பல் கணக்கு, நூறு ஆண்டு கழித்து ஓர் இந்திய விதிநூலில் எட்டிப்பார்க்கிறது.

வெல்டிங்குக்கு ஏன் கெடுபிடி அதிகம்? வெல்டிங் ஓடிய கோடு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த இரும்பு அதை விடுவதில்லை. முடிவில் வெல்டிங் கோடு இழுபட்ட நிலையிலும், ஃபிளாஞ்சின் ஓரங்கள் அமுங்கிய நிலையிலும் உறைந்துவிடும். தையல்காரரின் இறுக்கிய நூல் கதையேதான். வெளியிலிருந்து ஒரு கிலோ பாரம் ஏறுவதற்கு முன்பே ஓரம் கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது. போதாததற்கு ஃபிளாஞ்ச் லேசாகக் குடைபோல வளைந்தும்விடும். ஃபாப்ரிகேஷன் ஷெட்டில் ஒரு நேர்கோலை ஃபிளாஞ்சின் குறுக்கே வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி தெரியும்.

இளம் பொறியாளரின் தவறு இப்போது புரியும். அவருடைய ஃபிளாஞ்ச் விகிதம் 9.7. உருட்டியதற்கான வரியில் 10.5-க்குள் இருப்பதால் காம்பாக்ட், 400 கிடைத்தது. வெல்டிங்குக்கான வரியில் 9.4-ஐத் தாண்டுவதால் செமி காம்பாக்ட். முதல் படியான 352-இலேயே நின்றுவிட்டது. வெப்பின் விகிதம் 600-ஐ 6-ஆல் வகுத்தால் 100. அது 105-க்குள் இருப்பதால் காம்பாக்ட். ஆனால் ஓர் உத்தரத்தில் ஃபிளாஞ்சும் வெப்பும் வெவ்வேறு வகுப்பில் விழுந்தால், இரண்டில் மோசமானதுதான் முழு உத்தரத்தின் வகுப்பு. ஃபிளாஞ்ச் நெளிந்தபின் வெப் நன்றாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

180 அகலத்துக்குக் குறைத்ததும் ஒரு பக்கம் 87, விகிதம் 8.7. 9.4-க்குள் வந்துவிட்டது. உத்தரம் முழுவதும் காம்பாக்ட் ஆகி, இரண்டாம் படி திறந்துவிட்டது. இரும்பு குறைந்ததால் அந்தப் படியே 400-இலிருந்து 372-க்கு இறங்கிவிட்டதுதான். ஆனாலும் பழைய முதல் படியான 352-ஐவிட அதிகம்.

இங்கே ஒன்றை ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். இந்த விசித்திரம் எஃகில் இல்லை, விதிநூலில் இருக்கிறது. உண்மையான உத்தரம் 9.4-க்கு இந்தப் பக்கம் 400, அந்தப் பக்கம் 352 என்று குதிக்காது; விகிதம் ஏற ஏற மெல்லச் சரியும். 9.7 விகிதம் உள்ள உத்தரத்தைச் சுண்ணாம்பு அடித்துச் சோதித்தால் 352-ஐத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும் என்பதே என் எதிர்பார்ப்பு. ஐ.எஸ். 800 அந்தச் சரிவை ஒரு மாடிப்படியாக வரைந்துவைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய விதிநூலும் அமெரிக்க விதிநூலும் இந்த இடைப்பகுதியில் சாய்வுக்கோடு போடுகின்றன. ஐரோப்பிய விதிநூலின் 2022 பதிப்பும் செமி காம்பாக்ட் வகுப்புக்கு அப்படி ஒரு சாய்வைச் சேர்த்துவிட்டது. நம் விதிநூலும் அடுத்த பதிப்பில் அதைச் செய்யலாம். கணக்குக்கு ஒன்றும் பெரிய பாரமாகிவிடாது. அதுவரை படியின் விளிம்பில் நிற்கும் அளவுகளைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

எல்லைகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ε என்ற ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவரை அதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், ஈ 250-க்கு அது 1. வாய்பாடு ε = √(250/fy). fy என்பது ஈல்டு தகைவு. பலமான எஃகு என்றால் ஈல்டை எட்ட அதிகம் அமுங்க வேண்டும். அவ்வளவு நேரம் நெளியாமல் நிற்க வேண்டும். ஆனால் நெளிவைத் தடுக்கும் மீள்தன்மை எல்லா எஃகுக்கும் ஒன்றேதான். அதனால் பலம் கூடக் கூட எல்லைகள் இறுகும். ஈ 350 எஃகுக்கு ε 0.845. நம் உத்தரத்தை அந்த எஃகில் செய்தால் வெல்டிங் ஃபிளாஞ்சின் காம்பாக்ட் எல்லை 9.4-இலிருந்து 7.9-க்கும், வெப்பின் காம்பாக்ட் எல்லை 105-இலிருந்து 88.7-க்கும் வந்துவிடும். இரண்டுமே செமி காம்பாக்ட். இப்போது அகலத்தை 180 ஆக்கினாலும் வகுப்பு மாறாது. பலம் 493-இலிருந்து 455-க்கு இறங்கும். ஒரே வெட்டு, ஓர் எஃகில் லாபம், மற்றதில் நஷ்டம்.

உருட்டி வரும் ஐ பீம்களில் இந்தத் தலைவலி குறைவு என்று கடைக்காரர் முதல் கான்ட்ராக்டர்வரை எல்லாரும் நினைப்பார்கள். உத்தரமாகப் போட்டால் அது உண்மைதான். ஐ.எஸ்.எம்.பி. 400-ஐப் பாருங்கள். ஃபிளாஞ்ச் அகலம் 140, தடிமன் 16. பாதி அகலத்தை எடுத்தால் விகிதம் 4.4. வெப்பின் நேர்ப்பகுதி 340, தடிமன் 8.9, விகிதம் 38.2. எல்லைகளின் பக்கத்தில்கூட வரவில்லை. அதே பீமை நிமிர்த்தித் தூணாக நட்டால் கதை மாறுகிறது. இப்போது வெப் முழுவதும் அமுங்குகிறது. k 24-இலிருந்து 4-க்கு விழுந்துவிட்டது. அதற்கான எல்லை 42ε. ஈ 250-இல் 42, 38.2 தப்பித்தது. ஈ 350-இல் 35.5, 38.2 மாட்டிக்கொண்டது. நல்ல எஃகில் வாங்கிய தூண் ஸ்லெண்டர் வகுப்பில் விழுந்துவிட்டது.

ஸ்லெண்டர் என்ற சொல்லைக் கண்டு பதற வேண்டியதில்லை. எல்லைக்கு மேல் எவ்வளவு அகலம் இருக்கிறதோ அதை மட்டும் இல்லாததாக நினைத்துக் கணக்குப் போடலாம் என்று விதிநூலே ஒரு வழி தருகிறது. வெப்பில் செல்லுபடியாகும் அகலம் 35.5 × 8.9, அதாவது 316. மீதி 24 மில்லிமீட்டரைக் கழித்தால் போகும் பரப்பு முழுப் பரப்பில் 3 சதவீதம்கூட இல்லை. எஃகின் பலம் 40 சதவீதம் கூடியிருக்க, இந்த 3 போனால் போகிறது. தவறு எங்கே நேர்கிறது என்றால், உத்தரத்துக்குப் பார்த்த வகுப்பையே தூணுக்கும் எழுதிவிட்டுக் கழிக்க மறந்துபோவதில். உத்தரத்திலேயே கொஞ்சம் நேர் அமுக்கமும் சேர்ந்து வந்தால் வெப்பின் எல்லை இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதற்குத் தனி வாய்பாடு உண்டு.

மறுபடி நம் மாடித்தள உத்தரத்துக்கு. தாங்க வேண்டியது 380. 200 அகலம் 352-இல் நின்றது, 180 அகலம் 372-இல் நின்றது, இரண்டும் போதாது. அகலத்தை வெட்டும் வித்தை கண்ணைத் திறந்ததே தவிர வேலைக்கு ஆகவில்லை. மேலும் அகலம் குறைந்த உத்தரம் பக்கவாட்டில் சாய்வதற்கு எளிதாக இடம் கொடுக்கும். இங்கே மேல் ஃபிளாஞ்சைத் தளம் பிடித்திருப்பதால்தான் அந்தக் கவலை இல்லாமல் பேசினோம். சரியான வழி தடிமனைக் கூட்டுவது. 180 அகலம், 12 தடிமன் என்று மாற்றினோம். ஃபிளாஞ்ச் விகிதம் 7.25, அது மட்டும் பிளாஸ்டிக். வெப் 100-இல் இருப்பதால் முழு உத்தரம் காம்பாக்ட். பலம் 423. முதல் தாளில் இருந்ததைவிட மீட்டருக்கு இரண்டரைக் கிலோ இரும்புதான் கூடுதல்.

வேலை அதோடு முடியவில்லை. 84, 105, 126 என்பவை வளைவினால் வரும் நெளிவுக்கான எல்லைகள். வெட்டுவிசையால் வெப் சாய்வாக நெளிவது வேறு கதை. அதற்கான எல்லை 67ε. நம் வெப் 100. காம்பாக்ட் என்று பெயர் வாங்கிய வெப்பே அந்தச் சோதனையைத் தனியாக எழுத வேண்டும். அதையும் போட்டுப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் 200 × 10 என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து 180 × 12 என்று எழுதினார் அவர்.